பிடரியில் அடங்காத கட்டிகள்: முடிவெட்டுக்குப் பின் வரும் ஆக்னே கீலாய்டாலிஸ்

முடி வெட்டிக்கொண்டு வந்த இரண்டொரு நாளில் பின்கழுத்தில், தலைமுடி முடிகிற வரிசையில், கை வைத்தால் சின்னச் சின்னதாகத் தட்டுப்படும். அரிக்கும். வேர்வை பட்டால் எரியும். வீட்டில் சொன்னால் "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்கள். சலூனில் சொன்னால் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய் தேய்த்து அனுப்புவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கிவிடுகிறது. அதனாலேயே, அடங்காத வகை ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது.

அந்த அடங்காத வகைக்குத் தோல் மருத்துவத்தில் ஆக்னே கீலாய்டாலிஸ் என்று பெயர். வியன்னாவில் தோல் மருத்துவர் கபோசி 1869-லேயே இதைத் தனி நோயாக விவரித்தார். இந்தப் பெயரை வைத்தவர் பிரான்சின் பாசான், 1872-ல். பெயரைக் கேட்டால் முகப்பருவும், காயத்தைத் தாண்டி மேடாக வளர்கிற கீலாய்டு தழும்பும் சேர்ந்த ஏதோ ஒன்று என்று தோன்றும். இரண்டும் இல்லை. முகப்பருவில் காணும் கரும்புள்ளி அடைப்பு இதில் கிடையாது. இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் வேறெங்கும் கீலாய்டு வருவதும் இல்லை. மயிர்க்காலைச் சுற்றி அழற்சி உண்டாகி, அந்த அழற்சி தழும்பாக முடிகிற நோய் இது. முடியை நிரந்தரமாக இழக்கவைக்கும் தழும்பு நோய்களின் கூட்டத்தில்தான் இதை இன்று சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பரு என்று நினைப்பவர் அது பழுத்து உடைந்து போகட்டும் என்று காத்திருப்பார். இந்தக் கட்டிக்குப் பழுத்து உடைந்து மறைகிற வழக்கமே இல்லை. 3 மில்லிமீட்டர் கட்டியாக இருக்கும்போதே அதன் உள்ளே தழும்பு உருவாகத் தொடங்கிவிடும். வெளியே தெரியும் பெரிய மேடு பிறகு வருவது. ஆகவே தழும்பைத் தடுக்க நமக்குக் கிடைக்கிற காலம், கட்டிகள் சின்னதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கிற அந்தச் சில மாதங்கள்தான்.

தோலுக்கு உள்ளே நடப்பது

ஒவ்வொரு முடியும் ஒரு குழிக்குள் நிற்கிறது. அதுதான் மயிர்க்கால். மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கீழே போனால் எண்ணெய்ச் சுரப்பி அந்தக் குழியோடு சேர்கிற இடம் வரும். நோயின் ஆரம்பக் கட்டத்தில் தோல் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சி அணுக்கள் இந்த இடத்தைச் சுற்றித்தான் மொய்த்திருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பி சீக்கிரமே அழிகிறது. பிறகு குழியின் சுவர் மெலிந்து, ஒரு கட்டத்தில் உடைகிறது. உடைந்ததும் உள்ளே நின்ற முடி, உறை இல்லாமல், தோலின் ஆழமான சதைப்பகுதியில் தனியாகக் கிடக்கிறது.

முடி நம் உடம்பில் வளர்வதுதான். ஆனால் குழிக்கு வெளியே வந்துவிட்டால் உடம்பு அதைத் தன்னுடையதாக ஏற்காது. காலில் முள் தைத்து நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டால் அதைச் சுற்றிச் சதை இறுகிக் கட்டியாகுமே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. முள்ளையாவது பிடுங்கிவிடலாம். இந்த முடித்துண்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து, அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும். அதைச் சுற்றி நார்த்திசு படிந்துகொண்டே போகும். பக்கத்து மயிர்க்காலிலும் இதுவே நடந்தால் இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு நான்கு, பிறகு பத்து. கடைசியில் பின்கழுத்தின் குறுக்கே முடியில்லாத ஒரு தடித்த பட்டை உருவாகிறது. அதன் ஓரத்தில் ஒரே துவாரத்திலிருந்து நாலைந்து முடிகள் கொத்தாக நிற்பதைப் பார்த்தால், அங்கே அழிந்த மயிர்க்கால்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று புரிந்துகொள்ளலாம்.

முதல் பொறி எங்கிருந்து வருகிறது என்பதில் மருத்துவர்களிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. ஒட்டச் சிரைத்த முடி வளைந்து மறுபடி தோலுக்குள் குத்திக்கொள்வதால்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது என்பது ஒரு தரப்பு. தாடிப் பகுதியில் வருகிற சவரக் கட்டிகளுக்கு அந்த விளக்கம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் பிடரிக் கட்டிகளை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, அப்படித் திரும்பிக் குத்திய முடி ஆரம்பக் கட்டிகளில் அவ்வளவாகத் தென்படவில்லை. அழற்சிதான் முதலில், முடி வெளியே வருவது பிறகு என்கிற கருத்துக்கு இப்போது வலு அதிகம். என் பார்வையில், சலூன் நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு இந்த வாதத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எது முதல் என்றாலும், ஒட்டச் சிரைப்பதும் உரசலும் அழற்சியைக் கிளறிவிடுகின்றன என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

கிருமி இதற்கு மூல காரணம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில கட்டிகளில் சீழ் வைக்கும், அதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா இருக்கலாம். ஆனால் அது பின்னால் வந்து குடியேறியது. கிருமியைக் கொன்றால் சீழ் போகும், கட்டி அப்படியே நிற்கும்.

யாருக்கு வருகிறது

இது பெரும்பாலும் பருவ வயதைக் கடந்த இளைஞர்களின் நோய். பெண்களுக்கு அரிது. உலகளவில் மிக அதிகமாகக் காணப்படுவது ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய பத்து ஆண்களில் ஒருவருக்கு இது இருந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்து 1997-ல் வெளியான கட்டுரையில், கறுப்பின வீரர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்த விளையாட்டில் பின்கழுத்தில் உரசும் கனமான ஹெல்மெட் போடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சுருட்டை முடியும் வளைந்த மயிர்க்காலும் இதற்கு வாகாக அமைகின்றன.

நம்மிடையே அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இந்தியத் தோல் மருத்துவர்களுக்கு இது புதிய நோய் அல்ல. தடித்த கறுத்த முடி, பிடரியில் மடிப்பு விழும் கழுத்து, வெக்கை, கஞ்சி போட்ட சட்டைக் காலர், நாள் முழுக்க ஹெல்மெட், இதோடு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பிளேடு என்று சேர்ந்தால் வருவதற்கு வழி இருக்கிறது. உடல் எடை கூடி, பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்துப்போனவர்களிடமும் இதை அவ்வப்போது பார்க்கலாம். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், இப்படிப்பட்டவர்கள் ஒருமுறை ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது.

சாதாரணக் கட்டியா, இதுவா?

பிளேடு பட்டதால் வரும் சாதாரணக் கட்டி சிவந்து, மேலாக, அரிப்போடு இருக்கும். முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறையும். ஆக்னே கீலாய்டாலிஸ் கட்டி அழுத்தினால் கெட்டியாக இருக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்தில் வழவழப்பாக, தோல் நிறத்திலோ கொஞ்சம் கறுத்தோ காணப்படும். ஆரம்பத்தில் நடுவில் ஒரு முடி நிற்கும், பிறகு அதுவும் இருக்காது. அடுத்த முடிவெட்டு வரும்வரை மறையாமல் அதே இடத்தில் நிற்கும், அடுத்த முறைக்குப் பிறகு பக்கத்தில் புதிதாக இரண்டு சேரும். ஒரு மாதம் தாண்டியும் அதே புள்ளியில் கெட்டியாக ஒன்று நின்றால், அதைச் சூட்டுக் கட்டி என்று தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பின்கழுத்தை நம்மால் பார்க்க முடியாது என்பதுதான் இந்த நோய்க்குச் சாதகம். வீட்டில் யாரையாவது விட்டு மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். மூன்று படங்களை வரிசையாகப் பார்த்தாலே எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். மருத்துவருக்கும் அது நிறைய உதவும்.

படர்தாமரையும் இதே இடத்தில் வரும். அது ஓரம் சிவந்து வட்டமாகப் பரவும், செதில் உதிரும். இன்னொன்று பிளவை. திடீரென்று பின்கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, சிவந்து, கடுமையாக வலித்து, பல கண்களில் சீழ் வடிந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது பிளவை. சர்க்கரை நோயாளிகளுக்கு அது ஆபத்தானது. காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியது அது. ஆக்னே கீலாய்டாலிஸ் அப்படி அவசரப்படுத்தாது, மெதுவாகத்தான் வளரும்.

சலூனில் என்ன சொல்வது

மருந்தைவிட முதலில் மாற்ற வேண்டியது முடிவெட்டு. இதை மாற்றாமல் எந்தக் களிம்பும் நிலையாக வேலை செய்யாது.

நம் சலூன்களில் வழக்கம் என்னவென்றால், மேலே எந்த ஸ்டைலில் வெட்டினாலும் கடைசியில் பாதி பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டி, கிருதா ஓரத்தையும் பிடரியையும் கோடு போட்டுச் சிரைத்துவிடுவார்கள். அந்தக் கோடு விழும் இடம்தான் இந்த நோய் தொடங்கும் இடம். பிளேடு வைக்கும்போது விரலால் தோலை இழுத்துப் பிடிப்பது பழக்கம். இழுத்த தோலில் வெட்டிய முடி, தோலை விட்டதும் மேற்பரப்புக்குக் கீழே போய் நிற்கும். கீழிருந்து மேலாக, முடி வளரும் திசைக்கு எதிராகச் சிரைத்தால் இன்னும் ஆழமாகப் போகும். நமக்கு வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான். தொந்தரவும் இதனால்தான்.

ஆகவே பிடரியில் பிளேடு வேண்டாம், ஜீரோ மெஷினும் வேண்டாம். ட்ரிம்மரில் ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டினால் சுமார் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும். அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நம்பர், அதாவது 6 மில்லிமீட்டர், இன்னும் நல்லது. கத்தரிக்கோலும் சீப்பும் வைத்து வெட்டினால் எல்லாவற்றையும்விட நல்லது. ஃபேட் மாதிரி அடியில் தோல் தெரிய ஏற்றும் ஸ்டைல்களைக் கட்டிகள் அடங்கும்வரை தள்ளிவைப்பதைத் தவிர வழியில்லை. இளைஞர்களுக்கு இது கஷ்டமான பேரம் என்று தெரியும். ஆனால் பின்கழுத்தில் முடியே முளைக்காத பட்டை விழுந்துவிட்டால் பிறகு எந்த ஸ்டைலும் அங்கே எடுபடாது.

உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். துண்டைக் கட்டி, பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய், கடைசியில் கத்தி கழுத்தில் பட்ட பிறகு சொன்னால் பாதி சிரைத்தாகியிருக்கும். "அண்ணே, பின்னாடி கத்தி வைக்காதீங்க. கோடும் எடுக்க வேணாம். ஒண்ணாம் நம்பர் மாட்டி மேலாப்ல விடுங்க, கட்டி வருது" என்றால் போதும். சிலர் "ஃபினிஷிங் வராதே தம்பி" என்பார்கள். வராதுதான். வராமல் இருக்கட்டும்.

இடைவெளியும் முக்கியம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டுபவர் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போட்டால் அந்த இடத்துக்குக் கிடைக்கும் அடிகள் பாதிக்கும் கீழாகக் குறைகின்றன. கட்டி இருக்கும் கழுத்தில் ட்ரிம்மர் பட்டாலே ரத்தம் கசியும். ரத்தம் பட்ட பிளேடு அடுத்தவருக்குப் போனால் ஹெபடைடிஸ் பி போன்றவை பரவ வாய்ப்பு உண்டு. அதனால் ட்ரிம்மர் தலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சொந்தமாக ஒரு ட்ரிம்மர் வாங்கிக் கையில் எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

குலதெய்வத்துக்கோ பழனிக்கோ மொட்டை நேர்ந்திருந்தால்? கட்டிகள் உள்ள பிடரியில் சவரக்கத்தி படுவது நல்லதல்ல. பூமுடி கொடுக்கும் வழக்கம் பல கோயில்களில் இருக்கிறது. அது முடியாதென்றால் கட்டிகள் முழுவதும் அடங்கிய பிறகு வேண்டுதலை நிறைவேற்றலாம்.

மற்றபடி உரசலைக் குறைக்க வேண்டும். காலர் இல்லாத சட்டை, ஹெல்மெட்டின் பின்விளிம்பு கட்டிகள் மேல் அழுந்தாத அளவு, வேர்வையைத் துடைத்துவிடுவது என்று எல்லாம் சின்னச் சின்னது. எல்லாவற்றையும்விடப் பெரியது கை. படிக்கும்போதும் போன் பேசும்போதும் விரல் தானாகப் பின்னால் போய் அந்தக் கட்டியை நிரடும், கிள்ளும். ஒவ்வொரு கிள்ளலும் அந்த மயிர்க்காலை இன்னும் கொஞ்சம் உடைக்கிறது.

மருந்துக்கடை டியூப்

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். மருந்துக்கடையில் "கழுத்துல அரிப்பு, கட்டி" என்றால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூப் ஒன்றை நீட்டுவார்கள். போட்ட நாலாம் நாள் அரிப்பு போய்விடும். அதில் உள்ள ஸ்டீராய்டுதான் காரணம். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி போடுவார்கள். இப்படி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வெளுக்கும். உண்மையில் அது படர்தாமரையாக இருந்திருந்தால் அடையாளம் தெரியாமல் பரவியும்விடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆக்னே கீலாய்டாலிஸின் முதல் மருந்தும் ஸ்டீராய்டுதான். தவறு மருந்தில் இல்லை. நோய் என்னவென்று பார்க்காமல், கணக்கில்லாமல், முடிவெட்டை மாற்றாமல் போடுவதில்தான் இருக்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம்

மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் போக்கைச் சேர்த்து ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். வயது 27. நாள் முழுக்க பைக்கில் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு, ஒவ்வொரு முறையும் பிளேடு. ஆறு மாதமாகப் பின்கழுத்தில் எட்டுக் கட்டிகள். இரண்டு மட்டும் 5 மில்லிமீட்டர் தாண்டி மிகவும் கெட்டியாகிவிட்டன, மேலே முடி இல்லை. இரண்டில் சீழ் முனை தெரிகிறது. கலவை டியூப் இரண்டு முடித்திருக்கிறார்.

தோல் மருத்துவர் முதலில் சீழை ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எந்த ஆன்டிபயாடிக்குக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று அதில் தெரியும். கலவை டியூப்பை நிறுத்தச் சொல்லுவார். அதற்குப் பதில், முடி உள்ள இடத்தில் பிசுபிசுக்காமல் இறங்கும் லோஷனாகவோ நுரையாகவோ குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டை எழுதித் தருவார். வழக்கமான முறை ஒன்று இப்படி: இரண்டு வாரம் தினம் இருவேளை, அடுத்த இரண்டு வாரம் விடுப்பு, பிறகு மறுபடி. அந்த விடுப்புதான் தோல் மெலியாமல் காப்பது. சீழ் உள்ள கட்டிகளுக்கு கிளின்டமைசின் பூச்சும், உள்ளுக்குச் சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் சேரலாம். டாக்சிசைக்ளினுக்குக் கிருமியைக் கொல்வதோடு அழற்சியைத் தணிக்கும் குணமும் இருக்கிறது. அதை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் அலைபவர்களுக்குத் தோல் எளிதில் கருகவும் செய்யும். நம் ஆள் பைக்கில் சுற்றுபவர் என்பதால் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

கழுவுவதற்கு பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ் தரக்கூடும். அது துணியின் சாயத்தை வெளுக்கவைக்கும். புதுச் சட்டைக் காலரில் வெள்ளைத் திட்டு விழுந்த பிறகு இதை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் மாத முடிவில் அரிப்பும் சீழும் அடங்கியிருக்கும். ஆறு சின்னக் கட்டிகள் தணியத் தொடங்கியிருக்கும். அந்த இரண்டு கெட்டிக் கட்டிகள் மட்டும் அசைந்திருக்காது. மேலே பூசும் மருந்து அந்த நார்த்திசுவுக்குள் போதுமான அளவு இறங்காது என்பதே காரணம். அப்போது டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைக் கட்டிக்குள்ளேயே மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள். மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரையிலான செறிவில், கட்டியின் கெட்டித்தனத்தைப் பொறுத்து, சுமார் நான்கு வார இடைவெளியில் சில முறை போடுவார்கள். வலிக்கும். ஊசி போட்ட இடம் கொஞ்சம் பள்ளமாகி வெளுக்கலாம், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

நான்கைந்து மாதத்தில் இவரிடம் என்ன எதிர்பார்க்கலாம்? சின்னவை ஆறில் பெரும்பாலானவை அடையாளம் தெரியாமல் போகலாம். பெரிய இரண்டும் மட்டமாகும், ஆனால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது, இரண்டு சின்ன வழுக்கைப் புள்ளிகளாக நிற்கும். சுற்றியுள்ள முடி 6 மில்லிமீட்டர் இருந்தால் வெளியே தெரியாது. அவர் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்தப் புள்ளிகளும் இருந்திருக்காது. இரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் பேச்சு அறுவை சிகிச்சையில் தொடங்கியிருக்கும்.

சிகிச்சை முடிந்ததும் "சரியாகிவிட்டதே" என்று பழைய கோட்டுக்குத் திரும்பினால் சில மாதங்களில் புதுக் கட்டிகள் எழலாம். அந்த மயிர்க்கால்களின் சுபாவம் மாறவில்லை, அழற்சி மட்டுமே அடங்கியிருக்கிறது. அடிக்கடி திரும்ப வருபவர்களுக்கு, அந்தப் பட்டையில் முடியே வளராமல் செய்துவிடும் லேசர் ஒரு வழி. நம் மாதிரிக் கறுத்த தோலுக்கு 1064 நேனோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஏற்றது, மற்ற சில லேசர்கள் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்க வாய்ப்பு அதிகம். சில வார இடைவெளியில் பல முறை போக வேண்டும். சின்னக் கட்டிகள் உள்ளவர்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது, தடித்த பட்டையில் குறைவாக. பிடரியில் முடி வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

பட்டையாகிவிட்டால்

கட்டிகள் சேர்ந்து பின்கழுத்தின் குறுக்கே சில சென்டிமீட்டர் மேடாக நின்றுவிட்டால், ஊசியும் களிம்பும் அரிப்பைக் குறைக்குமே தவிர மேட்டைக் கரைக்காது. வெட்டி எடுப்பதுதான் வழி. இதில் ஆழம்தான் எல்லாம். மேலாக வழித்து எடுத்தால், அடியில் தப்பிய மயிர்க்கால்களிலிருந்து மறுபடி கிளம்பும். மயிர்க்காலின் வேருக்குக் கீழே, கொழுப்புத் திசுவரை போய், பட்டை முழுவதையும் குறுக்குவாட்டில் ஒரு நீள்வட்டமாக எடுக்க வேண்டும்.

எடுத்த பிறகு பலருக்குத் தையல் போடாமலே விட்டுவிடுவார்கள். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. தலையைக் குனியும்போதெல்லாம் பின்கழுத்துத் தோல் இழுபடும், பெரிய காயத்தை இழுத்துத் தைத்தால் தழும்பு விரிந்துபோகும். திறந்து விட்டால் தினமும் கட்டு மாற்றிக்கொண்டிருக்க, காயம் தானாகச் சுருங்கி இரண்டு மூன்று மாதத்தில் மூடும். நான்கு விரல் அகலம் இருந்த காயம் ஒரு மெல்லிய குறுக்குக் கோடாகச் சுருங்குவது வழக்கம். அந்தக் கோடு முடி விளிம்போடு ஒன்றிப்போவதால், தையல் போட்டதைவிடப் பார்வைக்கும் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. அந்த இரண்டு மூன்று மாதமும் ஹெல்மெட் போட முடியாது என்பதால் வேலைக்கு எப்படிப் போவது என்பதை முன்னாலேயே யோசித்து வைத்துக்கொண்டு நாள் குறிக்க வேண்டும். தனித்தனியாக நிற்கும் ஒன்றிரண்டு கெட்டிக் கட்டிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. சின்ன வட்டக் கத்தியால் ஒவ்வொன்றாக, மயிர்க்காலின் வேரோடு சேர்த்து, தோண்டி எடுத்துவிடலாம். மரத்துப்போக ஊசி போட்டு, வெளிநோயாளி அறையிலேயே முடிந்துவிடும்.